இணைய விளம்பர வகைகளின் ஒப்பீடு

இணைய விளம்பரம் என்பது இணையத்தின் வழியாகப் பொருள்களையும் சேவைகளையும் மக்களுக்கு அறியச் செய்து, அவற்றை வாங்கத் தூண்டும் முறையாகும். விளம்பரம் எங்கு தோன்றுகின்றது, அது தோன்றும் வேளையில் பயனர் என்ன செய்துகொண்டிருக்கின்றார் என்பவற்றைக் கொண்டு, இது பொதுவாகத் தேடல் விளம்பரம், சமூக வலைத்தள விளம்பரம், காட்சி விளம்பரம், நிகழ்பட விளம்பரம் என நான்கு வகைகளாகப் பிரிக்கப்படுகின்றது. முதன்முறையாக விளம்பரம் செய்யும் சிறு வணிகர் ஒருவர், தம்மிடமுள்ள குறைந்த தொகையை இந்நான்கில் எதற்குச் செலவிடுவது என்பதை முடிவு செய்யத் தேவையான வேறுபாடுகளை இக்கட்டுரை விளக்குகின்றது. ஒரு சொடுக்கின் விலை குறைவாக இருப்பதனால் மட்டும் ஒரு வகை மலிவானது ஆகிவிடாது என்பதே இவ்வொப்பீட்டின் மையக் கருத்தாகும்.

## அடிப்படை வேறுபாடு

நான்கு வகைகளையும் பிரித்தறிய, விளம்பரத்தைப் பார்ப்பவரின் நிலையைக் கருதுதல் வேண்டும். தேடுபொறியில் ஒரு சொல்லை இடுபவர் தமது தேவையைத் தாமே எழுதித் தெரிவிக்கின்றார். சமூக வலைத்தளத்தில் இருப்பவர் நண்பர்களின் படங்களையும் செய்திகளையும் பார்ப்பதற்காக வந்தவர். செய்தித்தளம் ஒன்றில் இருப்பவர் ஒரு கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கின்றார்; அதன் ஓரத்திலோ நடுவிலோ காட்சி விளம்பரம் தோன்றுகின்றது. நிகழ்படத் தளத்தில் இருப்பவர் தாம் தேர்ந்த நிகழ்படம் தொடங்கக் காத்திருக்கின்றார்.

எனவே முதல் வகை ஏற்கனவே உள்ள தேவையைப் பிடிக்கின்றது. மற்ற மூன்றும் பெரும்பாலும் அப்பொழுது இல்லாத தேவையை உண்டாக்கவோ, முன்னர் இருந்த தேவையை நினைவூட்டவோ முயல்கின்றன. ஒரு வணிகர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எனது பொருளை மக்கள் இப்பொழுதே தேடுகின்றனரா?" என்பதாகும். இக்கேள்விக்கான விடையே எங்கிருந்து தொடங்குவது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றது.

## வரலாறு

இணையத்தின் முதற் பதாகை விளம்பரங்கள் 1994 அக்டோபர் 27 அன்று ஹாட்வயர்ட் என்னும் இணையத்தளத்தில் வெளியாயின. ஏ.டி.&டி. நிறுவனத்தின் விளம்பரம் அவற்றுள் புகழ்பெற்றது. தேடல் முடிவுகளின் இடங்களை ஏலத்தில் விட்டு, சொடுக்கு ஒன்றுக்கு இவ்வளவு எனக் கட்டணம் பெறும் முறையை கோடு.காம் நிறுவனம் 1998 ஆம் ஆண்டில் நடைமுறைப்படுத்தியது. கூகிள் தனது ஆட்வேர்ட்ஸ் சேவையை 2000 ஆம் ஆண்டில் தொடங்கியது. தொடக்கத்தில் அது காட்டப்படும் எண்ணிக்கைக்குக் கட்டணம் பெற்றது. சொடுக்குக்குக் கட்டணம் பெறும் ஏலமுறை 2002 ஆம் ஆண்டில் வந்தது. இச்சேவை 2018 முதல் கூகிள் ஆட்ஸ் என்று அழைக்கப்படுகின்றது.

பேஸ்புக் தனது விளம்பரச் சேவையை 2007 நவம்பரில் அறிவித்தது. யூடியூப் தளத்தில், ஐந்து நொடிகளுக்குப் பின் பார்ப்பவர் தவிர்த்துச் செல்லக்கூடிய விளம்பர முறை 2010 டிசம்பரில் அறிமுகமானது. கூகிளின் ஆட்சென்ஸ் சேவை 2018 இல் தமிழை ஏற்றுக்கொண்டதன் பின்னர், தமிழ் இணையத்தளங்களும் கூகிளின் காட்சி விளம்பரங்களை வெளியிடத் தொடங்கின.

## தேடல் விளம்பரம்

தேடல் விளம்பரம் என்பது தேடுபொறியின் முடிவுப் பக்கத்தில், பயனர் இட்ட சொற்களுக்கு ஏற்பத் தோன்றும் எழுத்து வடிவ விளம்பரமாகும். விளம்பரதாரர் தாம் விரும்பும் தேடற்சொற்களையும், ஒரு சொடுக்குக்குத் தாம் தர இசையும் உச்சத் தொகையையும் குறிப்பிடுகின்றார். ஒவ்வொரு தேடலின்போதும் ஓர் ஏலம் நடைபெறுகின்றது. இவ்வேலத்தில் தொகை மட்டுமன்றி, விளம்பரத்தின் தரமும் கணக்கில் கொள்ளப்படுகின்றது. விளம்பரம் தேடலுக்குப் பொருந்துகின்றதா, மக்கள் அதைச் சொடுக்க வாய்ப்புள்ளதா, சொடுக்கியவர் சென்றடையும் பக்கம் பயனுள்ளதா என்பவை தரத்தின் கூறுகளாகும்.

எளிமையாக்கிய எடுத்துக்காட்டு ஒன்றைக் காணலாம். முதலாமவர் 20 ரூபாய் கேட்கின்றார். அவரது விளம்பரத்தின் தரம் 4. இரண்டாமவர் 12 ரூபாய் கேட்கின்றார். அவரது தரம் 8. இரண்டையும் பெருக்கினால் முதலாமவருக்கு 80, இரண்டாமவருக்கு 96 கிடைக்கின்றது. ஆகவே குறைந்த தொகை கேட்ட இரண்டாமவரே மேலிடம் பெறுகின்றார். மேலும், அவர் 12 ரூபாயை முழுவதும் செலுத்துவதில்லை. அடுத்தவரின் 80 என்னும் மதிப்பைத் தாண்டப் போதுமான தொகையை, அதாவது 80 ஐ 8 ஆல் வகுத்துக் கிடைக்கும் 10 ரூபாய்க்குச் சற்றுக் கூடுதலாகச் செலுத்தினாற் போதும். நடைமுறையில் தேடுபவரின் இடம், கருவி, நேரம் போன்றவையும் கணக்கில் சேர்கின்றன; எனினும் அடிப்படை இதுவேயாகும்.

இவ்வகையில் தொடக்கநிலையாளரின் பணம் வீணாவது பெரும்பாலும் பொருந்தாத தேடல்களினாலேயே ஆகும். கூகிளில் ஒரு தேடற்சொல்லை வெறுமனே இட்டால், அதனுடன் தொடர்புள்ளவையாகப் பொறி கருதும் பிற தேடல்களுக்கும் விளம்பரம் காட்டப்படும். மேற்கோள் குறிகளுக்குள் இட்டால் அச்சொற்றொடரின் பொருள் அடங்கிய தேடல்களுக்கும், சதுர அடைப்புக்குள் இட்டால் ஏறத்தாழ அதே பொருளுடைய தேடல்களுக்கு மட்டும் காட்டப்படும்.

```
கிரைண்டர் ரிப்பேர்
"கிரைண்டர் ரிப்பேர்"
[கிரைண்டர் ரிப்பேர்]
```

மக்கள் உண்மையில் என்ன எழுதித் தேடினர் என்பதைக் காட்டும் தேடற்சொல் அறிக்கை கணக்கினுள் கிடைக்கின்றது. முதல் வாரத்தில் இதனை நாள்தோறும் பார்த்து, பொருந்தாத சொற்களை விலக்குச் சொற்களாகச் சேர்த்தல் வேண்டும். பழுதுபார்க்கும் கடைக்கு "பயிற்சி", "வேலைவாய்ப்பு", "புதிய விலை" போன்ற சொற்கள் விலக்கத்தக்கவை.

தேடல் விளம்பரத்தின் எல்லை, தேடுவோரின் எண்ணிக்கையாகும். ஓர் ஊரில் மாதத்திற்கு முந்நூறு பேர் மட்டுமே ஒன்றைத் தேடுகின்றனர் எனில், எவ்வளவு பணம் இட்டாலும் நானூறு பேரை அடைய இயலாது.

## சமூக வலைத்தள விளம்பரம்

சமூக வலைத்தள விளம்பரம் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், லிங்க்டு-இன் போன்ற தளங்களில் நண்பர்களின் பதிவுகளுக்கு இடையே தோன்றுகின்றது. இங்கு தேடற்சொல் இல்லை. பார்ப்பவரின் அகவை, ஊர், ஆர்வங்கள், தளத்தினுள் அவரது நடத்தை ஆகியவற்றைக் கொண்டு, யாருக்குக் காட்டுவது என்பதைத் தளம் தீர்மானிக்கின்றது. கட்டணம் பெரும்பாலும் ஆயிரம் முறை காட்டுவதற்கு இவ்வளவு என்ற அடிப்படையில் அமைகின்றது. ஆகவே எவரும் சொடுக்காவிடினும் செலவு உண்டு.

இவ்வகையில் மிக இன்றியமையாத தேர்வு, விளம்பரத்தின் குறிக்கோள் ஆகும். விளம்பரதாரர் "விருப்பக்குறிகள்" வேண்டும் என்றால், எதற்கும் விருப்பக்குறி இடும் பழக்கமுடையோரைத் தளம் கண்டுபிடித்துத் தருகின்றது. "சொடுக்குகள்" வேண்டும் என்றால் சொடுக்குவோரைத் தருகின்றது. வாங்குவோர் வேண்டும் என்று கேட்டாலன்றி வாங்குவோரைத் தேடுவதில்லை. ஒரு பதிவின் கீழுள்ள பொத்தானை அழுத்திப் பணம் செலுத்தி அதைப் பரப்பும் எளிய வழியில் இக்குறிக்கோளைக் கவனியாது விடுவது வழக்கம். விருப்பக்குறிகள் பல நூறு பெருகியும் ஓர் அழைப்பேனும் வராதிருத்தல் இதன் அறிகுறியாகும்.

தளத்தின் கணிப்புமுறை தகுந்தவர்களைக் கண்டறிய விளைவுகள் தேவை. ஒரு விளம்பரத் தொகுதிக்கு வாரத்தில் சுமார் 50 விளைவுகள் கிடைத்தால் கற்றல் நிலை முடிவுறும் என்பது பேஸ்புக் நெடுநாள் தந்துவந்த வழிகாட்டலாகும். சிறு தொகையைப் பத்துத் தொகுதிகளாகப் பிரித்தால் எத்தொகுதியும் இவ்வெண்ணிக்கையை எட்டாது. எனவே தொடக்கத்தில் ஒரே தொகுதியில், இரண்டு அல்லது மூன்று வெவ்வேறு படங்களை அல்லது நிகழ்படங்களை இடுதல் போதுமானது.

## காட்சி விளம்பரம்

காட்சி விளம்பரம் என்பது பிற இணையத்தளங்களிலும் செல்பேசிச் செயலிகளிலும் தோன்றும் படவடிவ விளம்பரமாகும். இதன் சொடுக்கு விலை நான்கு வகைகளிலும் குறைவாக இருப்பது வழக்கம். இக்குறைந்த விலைக்குக் காரணம் உண்டு. படிப்பவரின் கவனம் கட்டுரையில் உள்ளது. விளம்பரத்தைக் கண்கள் தாண்டிச் செல்லப் பழகிவிட்டன. செல்பேசி விளையாட்டுகளில் விரல் தவறிப் படுவதாலும் சொடுக்குகள் எழுகின்றன.

"காட்டப்பட்டது" என்பதற்கும் "பார்க்கப்பட்டது" என்பதற்கும் உள்ள இடைவெளியும் இங்கு பெரிது. விளம்பரத் துறையின் அளவுகோலின்படி, ஒரு படத்தின் பாதிப் பரப்பு ஒரு நொடி திரையில் இருந்தாலே அது பார்க்கத்தக்கதாகக் கொள்ளப்படுகின்றது. நிகழ்பட விளம்பரத்திற்கு இது இரண்டு நொடிகளாகும். பயனர் அதனை உண்மையில் கவனித்தார் என்பதற்கு இஃது உறுதியன்று.

இவ்வகை நன்கு பயன்படும் இடம், முன்னரே தளத்திற்கு வந்து வாங்காமற் சென்றவர்களுக்கு மீண்டும் காட்டும் நினைவூட்டல் விளம்பரமாகும். இது உலாவியில் சேமிக்கப்படும் நினைவிகளைச் சார்ந்துள்ளது. ஆப்பிளின் சபாரி உலாவி பிற தளங்களின் நினைவிகளை 2020 முதல் முற்றாகத் தடுப்பதால், அவ்வுலாவியைப் பயன்படுத்துவோரை இம்முறையில் பின்தொடர்வது கடினம். மேலும், தளத்திற்கு வந்தோரே இல்லாத புதிய வணிகர் ஒருவருக்கு நினைவூட்ட எவரும் இல்லை. ஆகையால் காட்சி விளம்பரம் தொடக்கநிலையாளரின் முதற்படியாக அமைவது அரிது.

காட்சி விளம்பரத்திற்குச் செலவிடுவதை அறியாமலே பலர் செலவிடுகின்றனர். கூகிளில் தேடல் விளம்பரம் ஒன்றை அமைக்கும்போது, அதனைக் காட்சி வலையமைப்பிலும் காட்டும் தெரிவு முன்னரே குறியிடப்பட்டிருப்பதுண்டு. அதுபோலவே இடத்தெரிவில், அவ்வூரில் இருப்போருடன் அவ்வூரின்மீது ஆர்வம் காட்டியோரும் இயல்பாகச் சேர்க்கப்படுகின்றனர். உள்ளூர்க் கடைக்கு முதற்குறியை நீக்குதலும், இடத்தெரிவை அவ்வூரில் இருப்போர் என மாற்றுதலும் தேவை.

## நிகழ்பட விளம்பரம்

நிகழ்பட விளம்பரம் யூடியூப் போன்ற தளங்களில் நிகழ்படத்தின் முன்னரோ இடையிலோ தோன்றுகின்றது. தவிர்க்கத்தக்க விளம்பரத்தில், பார்வைக்குக் கட்டணம் என்னும் முறையைத் தெரிந்தால், பயனர் 30 நொடிகள் பார்த்தாலோ, விளம்பரம் அதனினும் குறுகியதாயின் முழுவதும் பார்த்தாலோ, அல்லது சொடுக்கினாலோ மட்டுமே கட்டணம் உண்டு. ஐந்தாம் நொடியில் தவிர்த்துச் செல்பவருக்குக் கட்டணம் இல்லை. எனவே முதல் ஐந்து நொடிகளிலேயே பொருள் என்ன, எந்த ஊர் என்பவற்றைச் சொல்லிவிடுதல் விளம்பரதாரருக்கு ஆதாயமானது. தேவையற்றோர் கட்டணமின்றி விலகிச் செல்வர்.

செயல்முறையைக் கண்ணால் கண்டால்தான் விளங்கும் பொருள்களுக்கு இவ்வகை பொருந்தும். இதன் குறை, விளைவு உடனே தெரியாமையாகும். நிகழ்படம் பார்ப்பவர் அதை நிறுத்திவிட்டுக் கடைக்கு அழைப்பது அரிது; சில நாள்கள் கழித்துக் கடையின் பெயரைத் தேடி வரலாம். நிகழ்படம் எடுப்பதற்கான செலவும் விளம்பரக் கட்டணத்துடன் கூட்டிக் கணக்கிடத்தக்கது.

## செலவைக் கணக்கிடல்

எவ்வகையைத் தேர்ந்தாலும், விளம்பரம் தொடங்கும் முன் ஒரு விற்பனைக்கு அதிகமாக எவ்வளவு செலவிடலாம் என்பதைக் கணக்கிடுதல் வேண்டும். கோயம்புத்தூரில் மாவரைக்கும் கிரைண்டர்களைப் பழுதுபார்க்கும் கடை ஒன்றைக் கற்பனையாகக் கொள்வோம். பெல்ட், உதிரிப்பாகம், கூலி ஆகியவை போக ஒரு பழுதுக்கு 400 ரூபாய் மிஞ்சுகின்றது. தேடல் விளம்பரத்தின் வழியாகப் பக்கத்திற்கு வரும் 100 பேரில் 10 பேர் அழைக்கின்றனர். அழைப்போரில் பாதிப்பேர் வேலை தருகின்றனர். எனில் ஒரு வேலைக்கு 20 சொடுக்குகள் தேவை. 400 ஐ 20 ஆல் வகுத்தால் 20 ரூபாய். இதுவே நட்டமின்றிச் செலுத்தத்தக்க உச்சச் சொடுக்கு விலை. இந்தியாவில் விளம்பரக் கட்டணத்தின்மீது 18% சரக்கு மற்றும் சேவை வரி உண்டு. அவ்வரியைத் திரும்பப் பெற இயலாத சிறுகடைக்கு இவ்வுச்சம் ஏறத்தாழ 17 ரூபாயாகக் குறைகின்றது.

அதே கடை நான்கு வகைகளிலும் விளம்பரம் செய்தால் கிடைக்கக்கூடிய நிலையைக் கீழுள்ள அட்டவணை காட்டுகின்றது. இவ்வெண்கள் கணக்கீட்டு முறையை விளக்குவதற்காகக் கொண்ட எடுகோள்களே. உண்மை விலைகள் ஊருக்கும் தொழிலுக்கும் ஏற்ப மாறும்.

| வகை | ஓர் அலகின் விலை | ஒரு வேலைக்குத் தேவை | ஒரு வேலைக்கான செலவு | வரியுடன் |
|---|---|---|---|---|
| தேடல் | சொடுக்கு ₹12 | 20 சொடுக்குகள் | ₹240 | ₹283 |
| சமூக வலைத்தளம் | சொடுக்கு ₹4 | 200 சொடுக்குகள் | ₹800 | ₹944 |
| காட்சி | சொடுக்கு ₹2 | 1,000 சொடுக்குகள் | ₹2,000 | ₹2,360 |
| நிகழ்படம் | பார்வை ₹0.50 | 3,000 பார்வைகள் | ₹1,500 | ₹1,770 |

சொடுக்கு விலை அதிகமாக உள்ள தேடல் விளம்பரமே இங்கு இலாபம் தருகின்றது. கிரைண்டர் பழுதாவது எதிர்பாராத நிகழ்வு. சமூக வலைத்தளத்தில் இருப்போர் ஆயிரவருள் அன்று கிரைண்டர் பழுதாகியிருப்போர் மிகச் சிலரே. அவர்களைத் தேடுபொறி தானாகவே பிரித்துக் கொடுத்துவிடுகின்றது. இக்கடை மாதம் 6,000 ரூபாய் செலவிட்டால் 500 சொடுக்குகளும் 25 வேலைகளும் கிடைக்கும். வரியுடன் 7,080 ரூபாய் போக, 10,000 ரூபாயில் 2,920 ரூபாய் மிஞ்சும். ஊரில் அவ்வளவு தேடல்கள் இல்லையெனில் பணம் செலவாகாமல் மீதமிருக்கும். அம்மீதத்தைப் பிற வகைகளுக்குத் திருப்புவது இலாபத்தைக் கூட்டாது. மேற்கண்ட அட்டவணையின்படி குறைக்கவே செய்யும்.

### தேடப்படாத பொருளின் நிலை

அதே கடைக்காரர் கிரைண்டரின் கனமான கல்லைக் குனியாமல் தூக்க உதவும் கைப்பிடி ஒன்றை உருவாக்கி, தபாலில் விற்க எண்ணுகின்றார் எனக் கொள்வோம். இத்தகைய பொருள் உண்டு என்பதே மக்களுக்குத் தெரியாது. ஆகவே எவரும் அதைத் தேடுவதில்லை. அதன் பெயரைத் தேடற்சொல்லாக இட்டால், தேடல் அளவு குறைவு என்னும் குறிப்புடன் விளம்பரம் காட்டப்படாமலே கிடக்கும். இது ஏலத்தொகை குறைவு என்பதன் அடையாளமன்று. தொகையை உயர்த்துவதால் பயனில்லை.

இங்கு, கல்லைத் தூக்கிக் காட்டும் 20 நொடி நிகழ்படம் ஒன்றைச் சமூக வலைத்தளத்தில் விளம்பரமாக இடுவது பொருந்தும். ஆயிரம் முறை காட்ட 75 ரூபாய் எனவும், அதனால் 15 சொடுக்குகள் கிடைக்கின்றன எனவும் கொண்டால், சொடுக்கு ஒன்றின் விலை 5 ரூபாய். நூறு பேரில் இருவர் வாங்கினால், ஒரு விற்பனைக்கு 250 ரூபாய், வரியுடன் 295 ரூபாய் செலவாகும். ஒரு கைப்பிடியில் 350 ரூபாய் மிஞ்சுமாயின் 55 ரூபாய் இலாபம்.

ஆனால் பொருளைப் பெறும்போது பணம் தரும் முறையில், ஐந்தில் ஒருவர் வாங்க மறுத்தால் நிலை மாறிவிடும். ஐந்து ஆணைகளுக்கான விளம்பரச் செலவு 1,475 ரூபாய். நான்கு விற்பனைகளின் வரவு 1,400 ரூபாய். தபாற்செலவைச் சேர்க்கும் முன்னரே 75 ரூபாய் நட்டம். விளம்பரத் தளத்தின் அறிக்கை ஐந்தையும் விற்பனையாகவே காட்டிக்கொண்டிருக்கும். எனவே ஆணைகளை அன்றி, பணம் வந்த விற்பனைகளையே கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.

## அளவிடுதலும் அதன் பிழைகளும்

எந்த விளம்பரத்தால் வாடிக்கையாளர் வந்தார் என்பதை அறிய, ஒவ்வொரு விளம்பரத்தின் இணைப்பிலும் வேறுபட்ட குறிப்புகளைச் சேர்ப்பது வழக்கம்.

```
https://example.com/grip?utm_source=facebook&utm_medium=paid&utm_campaign=video1
```

தொலைபேசி வழியாக வேலை பெறும் கடைகள், விளம்பரத்திற்கெனத் தனி எண்ணைத் தரலாம். அல்லது அழைப்பவர் ஒவ்வொருவரிடமும் எவ்வாறு அறிந்தார் என்று கேட்டு, ஏட்டில் குறித்துக்கொள்ளலாம்.

தளங்கள் தரும் அறிக்கைகளை அப்படியே கூட்டினால் உண்மையைவிட அதிக விற்பனை தோன்றும். பேஸ்புக்கின் வழக்கமான கணக்கீட்டில், விளம்பரத்தைச் சொடுக்கிய 7 நாள்களுக்குள்ளோ, வெறுமனே பார்த்த ஒரு நாளுக்குள்ளோ நிகழும் விற்பனை அவ்விளம்பரத்தின் விளைவாகவே கொள்ளப்படுகின்றது. அதே வாடிக்கையாளர் தேடல் விளம்பரத்தையும் சொடுக்கியிருந்தால், கூகிளும் அவ்விற்பனையைத் தனதாக எண்ணும்.

விளம்பரம் இல்லாமலே வந்திருக்கக்கூடியவர்களுக்குச் செலவிடுவது இதனினும் நுண்ணிய பிழையாகும். ஈபே நிறுவனம் 2012 இல் தனது பெயருக்கான தேடல் விளம்பரங்களைச் சில தேடுபொறிகளில் நிறுத்திப் பார்த்தது. தாமஸ் பிளேக், கிறிஸ் நோஸ்கோ, ஸ்டீவன் டாடெலிஸ் ஆகியோர் இச்சோதனையை ஆராய்ந்து 2015 இல் எகனாமெட்ரிக்கா ஆய்விதழில் வெளியிட்டனர். நிறுத்திய விளம்பரங்களின் வழியாக வந்திருக்கக்கூடிய சொடுக்குகளில் 99.5% கட்டணமில்லாத் தேடல் முடிவுகளின் வழியாகவே வந்துசேர்ந்தன. பெயர் சாராத பிற தேடற்சொற்களில், விளம்பரம் புதிய வாடிக்கையாளர்களிடம் பயன் தந்தது. அடிக்கடி வாங்குவோரிடம் பயன் தரவில்லை. ஈபே அனைவரும் அறிந்த பெயர் என்பதனால், எவரும் அறியாத சிறுகடைக்கு இம்முடிவை அப்படியே பொருத்த இயலாது. எனினும், சில வாரங்கள் விளம்பரத்தை நிறுத்தி மொத்த விற்பனை குறைகின்றதா எனப் பார்க்கும் முறை சிறுகடைக்கும் இயலக்கூடியதே.

மிக விரைவில் முடிவு செய்வதும் பிழையாகும். உண்மையில் 20 சொடுக்குகளுக்கு ஒரு வேலை கிடைக்கும் விளம்பரத்தில், முதல் 20 சொடுக்குகளில் ஒரு வேலையும் வராதிருக்க 36% வாய்ப்பு உள்ளது. 60 சொடுக்குகளில் ஒன்றும் வராதிருக்க வாய்ப்பு 5 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆகவே ஒரு விற்பனைக்கு ஏற்கத்தக்க உச்சச் செலவைப்போல் மூன்று மடங்கேனும் செலவிட்ட பின்னரே ஒரு வகை பயனற்றது என முடிவு செய்தல் தகும். மேற்கண்ட கடைக்கு இத்தொகை வரி உட்பட 1,200 ரூபாயாகும்.

## தேர்வு முறை

மக்கள் ஏற்கனவே தேடும் சேவைகளுக்கு, குறிப்பாகப் பழுதுபார்த்தல் போன்ற உடனடித் தேவைகளுக்கு, தேடல் விளம்பரம் முதலிடம் பெறுகின்றது. மக்கள் அறியாத, ஆனால் கண்டவுடன் விரும்பக்கூடிய பொருள்களுக்குச் சமூக வலைத்தளம் ஏற்றது. செயல்முறை விளக்கம் தேவைப்படும், பெயர் நினைவில் நிற்க வேண்டிய வணிகத்திற்கு நிகழ்படம் உதவும். அதன் விளைவுக்குக் காத்திருக்கும் பொருள்வசதியும் வேண்டும். போதிய வருகையாளர்கள் சேர்ந்த பின்னர் நினைவூட்டலுக்காகக் காட்சி விளம்பரத்தைச் சேர்க்கலாம்.

சிறு தொகையை நான்கிற்கும் சமமாகப் பங்கிடுவது தவிர்க்கத்தக்கது. 4,000 ரூபாயை நான்காகப் பிரித்தால், மேற்கண்ட கடைக்கு எவ்வகையிலும் முடிவு கூறத் தேவையான 1,200 ரூபாய் சேராது. கூகிள் 2021 இல் அறிமுகப்படுத்திய பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ் முறை தேடல், காட்சி, நிகழ்படம் ஆகியவற்றைத் தானாகவே கலந்து செலவிடுகின்றது. எவ்வகைக்கு எவ்வளவு என்பதை அதில் விளம்பரதாரர் தீர்மானிக்க இயலாது. எனவே தமது ஒரு விற்பனைக்கான செலவை இன்னும் அறியாதவர், முதலில் ஒரே வகையில் தொடங்கி, அவ்வெண்ணை அறிந்த பின்னரே அடுத்த வகைக்குச் செல்லுதல் பொருத்தமானது.

## இவற்றையும் பார்க்கவும்

- தேடுபொறி
- சந்தைப்படுத்தல்
- ஏலம்
- நினைவி